வை-ஃபை இல்லையா? வார்டனிடம் போகுமுன்

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விடுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்.

மழையில் கரண்ட் போய் வந்தது. வை-ஃபை இல்லை. வார்டனை எழுப்பலாமா?

ஐந்து நிமிடம் பொறுங்கள், பெட்டிகள் எழுந்துகொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். அப்புறமும் ஃபைபர் பெட்டியில் LOS விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்தே லைன் வரவில்லை. தாராளமாக எழுப்புங்கள்.

நெட் வரவில்லை. சரி செய்யவும்.

எந்த மாடி? எந்த அறை? பக்கத்து அறைக்கு வருகிறதா? இது எதுவும் இல்லாமல் எழுதினால் வார்டன் யாரிடம் போய் என்ன சொல்வார்? முதலில் இன்னொரு போனில் பாருங்கள்.

மூன்றாம் மாடியில் சிக்னல் முழுசாக இருக்கிறது, பாதிப் பேருக்கு நெட் இல்லை. இரண்டாம் மாடியில் சிக்கலே இல்லை.

யாரோ சொந்த ரவுட்டரைச் சுவரில் சொருகியிருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம். எத்தனை தடவை சொன்னாலும் இது நிற்கவில்லை. சுவரிலிருந்து வரும் கேபிளை WAN துளைக்குப் பதிலாக LAN துளையில் மாட்டினால், அந்த ரவுட்டரும் மாடியில் இருப்பவர்களுக்கு ஐபி முகவரி வழங்க ஆரம்பித்துவிடும். யார் பதில் முதலில் வருகிறதோ, போன் அதையே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சரியான முகவரி வாங்கியவருக்கு நெட் ஓடும். இப்போதுதான் சேர்ந்தவர் மாட்டிக்கொள்வார். பாதிப் பேருக்கு மட்டும் போவது அதனால்தான். மாடிக்கு மாடி நெட்வொர்க் பிரித்திருந்தால் இரண்டாம் மாடிக்குப் பாதிப்பு வராது.

கண்டுபிடிப்பது எளிது. நெட் வருகிற போன், வராத போன் இரண்டிலும் வை-ஃபை விவரத்தைத் திறந்து Gateway எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 10.20.3.1, மற்றதில் 192.168.0.1 என்று இருந்தால் சந்தேகம் உறுதி. வராத போனின் பிரவுசரில் அந்த எண்ணை அடித்தால் பெரும்பாலும் அந்த ரவுட்டரின் லாகின் பக்கமே, கம்பெனிப் பெயரோடு வந்து நிற்கும். அந்த இரண்டு எண்களையும் படம் பிடித்து வார்டனிடம் கொடுங்கள். அறை அறையாகக் கதவைத் தட்டாமல் அந்த ரவுட்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று நெட்வொர்க் ஸ்விட்சிலேயே பார்த்துவிடலாம்.

ரவுட்டரைக் கழற்றிய பிறகும் பழைய முகவரி போனிலேயே தங்கியிருக்கும். வை-ஃபையை அணைத்துப் போடுங்கள், போதாவிட்டால் Forget கொடுத்துத் திரும்பச் சேருங்கள். ரவுட்டர் வைத்திருப்பவரே, அனுமதி இல்லாமல் சுவரில் எதையும் சொருகாதீர்கள்.

மேக் முகவரியைப் பதிவு செய்து கொடுத்தேன். ஆனாலும் சேரவில்லை.

போன் நிஜ முகவரியைக் காட்டாமல் மாற்று முகவரியைக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டில் அந்த வை-ஃபையின் Privacy பகுதியில் Use device MAC என்று மாற்றுங்கள். ஐபோனில் Private Wi-Fi Address-ஐ Off செய்யுங்கள்.

லாகின் பக்கமே திறக்கவில்லை.

விபிஎன்னையும் Private DNS-ஐயும் அணைத்துவிட்டு முயலுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் வார்டனிடம் போங்கள், மாடியையும் அறை எண்ணையும் எழுதிக்கொண்டு.