லட் போட்டதும் முகம் வெளுத்துப்போவது ஏன்? கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லட் எனப்படும் நிற மாற்ற அட்டவணை பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பணம் கொடுத்து ஒரு லட் தொகுப்பு வாங்கினேன். அவர்களுடைய மாதிரிப் படங்களில் அருமையாக இருக்கிறது. என் வீடியோவில் போட்டால் முகமெல்லாம் வெளுத்து, நிழல் கறுத்து, சட்டை நிறம் கண்ணைக் குத்துகிறது. தொகுப்பு தரமற்றதா?

எந்தக் கேமரா, எந்த புரொஃபைல், லட் எதை எதிர்பார்க்கிறது: மூன்றையும் எழுதவில்லை. இவை இல்லாமல் லட் கேள்வி கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பது போல. ஆனாலும் நீங்கள் சொன்ன அறிகுறிகள் தெளிவாக இருப்பதால் ஊகிக்க முடிகிறது. திரையில் நேரடியாகப் பார்க்கத் தயாரான சாதாரண Rec.709 ஃபுட்டேஜ் மேல், பின்னால் மாற்றிக்கொள்வதற்காக வெளிறலாகப் பதிவுசெய்யும் லாக் ஃபுட்டேஜுக்குச் செய்த லட்டைப் போட்டிருக்கிறீர்கள்.

லட்டுக்குப் படம் தெரியாது, எண்தான் தெரியும். "இந்த எண் வந்தால் அந்த எண்ணைக் கொடு" என்ற அட்டவணை அது. சாதாரண வீடியோவில் மாநிற முகத்தின் வெளிச்சமான பக்கம், வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மில் 65% பக்கம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். சோனியின் லாக் வளைவான S-Log3-இல் வெள்ளைத் தாளே 61%-இல்தான் இருக்கிறது. ஆகவே S-Log3-க்குச் செய்த லட் உங்கள் 65%-ஐப் பார்த்ததும், வெள்ளைத் தாளைவிடப் பிரகாசமான ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டு உச்சத்துக்குத் தள்ளுகிறது. முகம் வெளுக்கிறது. லட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நாம் கொடுத்த எண் வேறு மொழியில் இருக்கிறது.

தொகுப்போடு வந்த விளக்கக் கோப்பைத் திறந்து, உள்ளீடு என்ன என்று பாருங்கள். அது எழுதப்படாத தொகுப்பு என்றால் வாங்கியிருக்கவே கூடாது.

கேள்வி: எக்ஸ்போஷரை லட்டுக்கு முன்னால் சரிசெய்வதா, பின்னாலா?

முன்னால். வொயிட் பேலன்ஸும் அப்படியே. லட் வெட்டிவிட்ட உச்ச வெளிச்சத்தைப் பின்னால் எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் திட்டுதான் வரும். S-Log3-இல் ஒரு ஸ்டாப் என்பது வேவ்ஃபார்மில் சுமார் 9%. இரண்டு ஸ்டாப் கூட்டி எடுத்திருந்தால் அந்த 18%-ஐ லட்டுக்குள் போகும் முன்பே இறக்கிவிடுங்கள்.

கேள்வி: ரிசால்வ் மென்பொருளில் இருக்கும் Kodak 2383 லட்டை S-Log3 மேல் போடுகிறேன். மோசமாக இல்லை, ஆனால் கொஞ்சம் இருட்டாக, நிறம் செத்த மாதிரி இருக்கிறது. சாச்சுரேஷனை ஏற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். "மோசமாக இல்லை" என்பதுதான் இங்கே பொறி. அந்த லட் எதிர்பார்ப்பது, ஃபிலிம் ஸ்கேனுக்காக உருவான Cineon Log என்ற வேறொரு லாக் வளைவை. நம்பிக்கை இல்லையென்றால் அந்தக் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், மேலே உள்ள குறிப்பு வரிகளிலேயே உள்ளீடு எழுதியிருக்கும். S-Log3-உம் Cineon-உம் வளைவில் ஓரளவு ஒத்தவை. அதனால் தவறாக ஊட்டினாலும் படம் ஏறக்குறைய நிற்கும். ஆனால் வெள்ளைத் தாள் 1023-க்கு S-Log3-இல் 598, Cineon-இல் 685. அந்த இடைவெளிதான் நீங்கள் பார்க்கும் இருட்டு. நிறம் செத்துப்போவதற்குக் காரணம் வேறு: S-Gamut3.Cine என்ற பெரிய காமட்டில், அதாவது பெரிய நிற எல்லையில், எழுதிய எண்களை Rec.709 எண்களாக லட் படிக்கிறது.

மூன்று நோடு போதும். முதல் நோடில் எக்ஸ்போஷரும் வொயிட் பேலன்ஸும். இரண்டாவதில் Color Space Transform, இந்த அமைப்போடு:

```
Input Color Space:  S-Gamut3.Cine
Input Gamma:        S-Log3
Output Color Space: Rec.709
Output Gamma:       Cineon Film Log
Tone Mapping:       None
```

மூன்றாவதில் Film Looks தொகுப்பிலுள்ள Rec709 Kodak 2383 D65. உச்ச வெளிச்சத்தை மடக்கும் வேலையை லட்டே செய்யும் என்பதால்தான் Tone Mapping-ஐ அணைக்கச் சொல்கிறேன். லட்டிலிருந்து வருவது திரைக்குத் தயாரான Rec.709. அதற்குப் பின்னால் இன்னொரு முறை Rec.709-க்கு மாற்றாதீர்கள்.

இரண்டாவது நோடை மட்டும் ஆன், ஆஃப் செய்து பாருங்கள். தோல் நிறம் தானாகவே உயிர் பெறுவது தெரியும். சாச்சுரேஷனைத் தொடவே தேவைப்படாது.

கேள்வி: 33 புள்ளி லட்டா, 65 புள்ளி லட்டா?

33 போதும். உள்ளீடு தவறாக இருந்தால் 65-உம் தவறைத்தான் துல்லியமாகக் காட்டும்.

கேள்வி: லட் ரொம்பக் கடுமையாக இருக்கிறது. ஒபாசிட்டியை 50%-க்கு இறக்கச் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் செய்கிறேன். சரிதானே?

சரியில்லை. எல்லா இடத்திலும் சொல்லப்படும் அறிவுரை இதுதான், எனக்கு அதிக வேலை வைத்த அறிவுரையும் இதுதான்.

லாக் ஃபுட்டேஜ் மேல் நேரடியாகப் போடச் செய்த லட்டுக்குள் இரண்டு வேலைகள் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்று, லாக்கைத் திரைக்கு மாற்றுவது. இன்னொன்று, அழகுக்கான சாயம் ஏற்றுவது. சாயத்தில் அளவு உண்டு: பாதி போடலாம், கால்வாசி போடலாம். மாற்றத்தில் அளவு கிடையாது. மாறியதா, மாறவில்லையா என்பது மட்டும்தான். ஒபாசிட்டியைப் பாதியாக்கும்போது சாயத்தோடு மாற்றத்தையும் பாதியாக்கிவிடுகிறீர்கள். மிச்சப் பாதியில் மாற்றாத லாக் படம் அப்படியே கலந்து நிற்கிறது.

எண்ணில் பார்ப்போம். S-Log3-இல் வெள்ளைச் சட்டை 61%, கறுப்பு முடி சுமார் 17%. லட் இவற்றை 90%-க்கும் 5%-க்கும் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி கலந்தால் சட்டை 75% பக்கமும் முடி 11% பக்கமும் நிற்கும். சட்டை அழுக்காகத் தெரியும், முடியில் புகை படிந்த மாதிரி இருக்கும். நிறமும் இதே விகிதத்தில் வெளிறும். அப்புறம் கான்ட்ராஸ்டைக் கூட்டுவீர்கள், சாச்சுரேஷனை ஏற்றுவீர்கள். நீங்களே பாதியாக வெட்டியதை நீங்களே ஒட்டவைக்கும் வேலை அது.

ஒரு குறும்படம் இப்படி என்னிடம் வந்தது. ஒவ்வொரு ஷாட்டிலும் அதே லட், ஆனால் ஒன்றில் 40%, அடுத்ததில் 70%, அதற்கடுத்ததில் 55%. ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே நடிகை. வெட்டுக்கு வெட்டு கறுப்பின் அடர்த்தி மாறியது. எடிட்டர் கண்ணுக்குப் பட்ட அளவில் ஒவ்வொன்றையும் இறக்கியிருந்தார். இரண்டு நாள் ஷாட்களைப் பொருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை.

முறை இதுதான். டைம்லைனில் கிளிப்பை இரண்டு டிராக்கில் வையுங்கள். கீழே இருப்பதில் Color Space Transform மூலம் S-Log3-இலிருந்து Rec.709-க்கு வெறும் மாற்றம். மேலே இருப்பதில் லட். இப்போது மேல் கிளிப்பின் ஒபாசிட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்குங்கள். கலக்கும் இரண்டும் Rec.709 என்பதால் சாயம் மட்டுமே குறையும். எக்ஸ்போஷர் திருத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்கவேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

லட்டே Rec.709 உள்ளீட்டுக்குச் செய்ததாக இருந்தால் இந்தச் சுற்று தேவையில்லை. முதல் நோடில் மாற்றம், அடுத்ததில் லட், அந்த நோடின் Key Output Gain-ஐக் குறைத்தால் போதும்.

இன்னொன்று. லட் "கடுமையாக" இருப்பதாகத் தோன்றினால் முதல் சந்தேகம் உள்ளீட்டின் மேல் வரவேண்டும். சரியாக ஊட்டிய பிறகு பெரும்பாலும் குறைக்கவேண்டிய தேவையே இருக்காது.

கேள்வி: மாற்றம் எல்லாம் சரியாகச் செய்தேன். வேவ்ஃபார்ம் சரி, சாம்பல் அட்டை சரி. ஆனால் தோலும் இலைகளும் உயிரில்லாமல் இருக்கின்றன. சோனி கேமரா, S-Log3.

நல்ல கேள்வி, கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். காமா என்ற வெளிச்ச வளைவு சரி, காமட் தவறு. கேமராவின் பிக்சர் புரொஃபைல் PP8 என்றால் S-Gamut3.Cine, PP9 என்றால் S-Gamut3. இரண்டிலும் வளைவு S-Log3-தான், நிறங்களின் எல்லை மட்டும் வேறு. PP9-இல் எடுத்ததை .Cine என்று மென்பொருளுக்குச் சொல்லியிருப்பீர்கள். பெரிய எல்லைக்கு எழுதிய எண்ணைச் சின்ன எல்லையில் படித்தால் நிறம் குறைந்துபோகும். இரண்டுக்கும் வெள்ளைப்புள்ளி ஒன்றே என்பதால் சாம்பல் அசையாது. அதனால்தான் சாம்பல் அட்டை உங்களைக் காப்பாற்றவில்லை.

கான்ட்ராஸ்ட் கெட்டிருந்தால் காமாவைப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் நன்றாக இருந்து நிறம் மட்டும் கெட்டிருந்தால் காமட்டைப் பாருங்கள். கிளிப்போடு வரும் XML கோப்பு இருந்தால் அதில் CaptureColorPrimaries என்ற வரியைத் தேடுங்கள். கார்டிலிருந்து வீடியோவை மட்டும் நகலெடுத்துவிட்டு அந்தச் சின்னக் கோப்பை விட்டுவிடுவது பெரிய தப்பு.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண Rec.709 வீடியோதான். அதை S-Log3-ஆக மாற்றிவிட்டு லாக் லட் போடலாமா?

போடலாம், முதல் கடிதக்காரருக்கும் இது உதவும். Color Space Transform-இல் உள்ளீடு Rec.709, வெளியீடு S-Gamut3.Cine, S-Log3. முகம் வெளுப்பது நின்றுவிடும். ஆனால் உங்கள் வீடியோவின் 100% வெள்ளை லாக்கில் 62% பக்கம் போய் உட்காரும், அதற்கு மேல் எதுவும் இருக்காது. லட்டோ அதற்கு மேலும் வெளிச்சம் வரும் என்று இடம் ஒதுக்கி வைத்திருக்கும். அதனால் வானமும் ஜன்னலும் மங்கலான வெள்ளையாக நிற்கும். கடைசியில் ஒரு நோடு சேர்த்து உச்சத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள். வெடித்துப்போன ஜன்னலுக்குள் விவரம் திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவேண்டாம். கேமரா தன் இஷ்டத்துக்கு வளைவை மடக்கியிருக்கும் என்பதால் இந்த மாற்றம் துல்லியமாகவும் அமையாது.

கேள்வி: லாக்கில்தான் எடுத்தேன். ஆனால் எடிட்டரில் இழுத்துப் போட்டவுடனேயே படம் சாதாரணமாகத் தெரிகிறது. லட் போட்டால் முதல் கடிதக்காரர் சொல்வது போலவே வெளுக்கிறது.

உங்கள் எடிட்டர் லாக்கைக் கண்டுபிடித்துத் தானே மாற்றிவிட்டது. அதன் மேல் லட் இரண்டாம் முறை மாற்றுகிறது. கிளிப்பின் கலர் மேனேஜ்மென்ட் அமைப்பில் தானியங்கி மாற்றத்தை அணையுங்கள். படம் வெளிறிச் சாம்பலாகத் தெரிந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள், இப்போது லட்டைப் போடுங்கள்.