குளிர்நீர்க் குழாய்க்குக் காப்பு எவ்வளவு தடிமன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் புதிய அலுவலகக் கட்டடத்தில் 6 டிகிரி குளிர்நீர் ஓடும் 100 மி.மீ. குழாய்களுக்கு நைட்ரைல் ரப்பர் காப்பு சுற்ற வேண்டும். மதியம் 35 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்கிட்ட ஒப்பந்ததாரர் 25 மி.மீ. போதும் என்கிறார். ஆலோசகர் 50 மி.மீ. கேட்கிறார். கூடுதல் செலவு மின்கட்டணத்தில் திரும்பி வருமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஒப்பந்ததாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுற்றுக்காற்று 32 டிகிரி என்று கொள்வோம். காப்பே இல்லாத குழாய் மீட்டருக்கு 80 வாட்டுக்கும் மேல் வெப்பத்தை உள்வாங்கும். 25 மி.மீ. காப்பு அதை ஏறத்தாழ 14 வாட்டாகவும், 50 மி.மீ. காப்பு 9 வாட்டாகவும் குறைக்கும். சில்லர் ஒரு யூனிட் மின்சாரத்தில் நான்கு யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகவும், ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டாலும், இரண்டாவது 25 மி.மீ. மிச்சப்படுத்துவது மீட்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 12 யூனிட்தான். மேலும், தடிமன் இரட்டிப்பானால் பொருளும் இரட்டிப்பாகும் என்று எண்ண வேண்டாம். வெளிவட்டம் விரிந்துகொண்டே போவதால், மீட்டருக்கு 11 லிட்டராக இருந்த ரப்பரின் கன அளவு கிட்டத்தட்ட 26 லிட்டராகிவிடும்.

ஆனால் இங்கே தடிமனைத் தீர்மானிப்பது வெப்பம் அல்ல, வியர்வை. காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரளத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை; காப்பின் வெளிப்பரப்பு அதற்குக் கீழே இறங்கினால் நீர் திரளும். 35 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியத்தில் பனிநிலை 26 டிகிரிதான், 10 மி.மீ. காப்பு கூட வியர்க்காது. அதே குழாயை 32 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள மூடிய கூரையிடைவெளியில் வைத்துப் பாருங்கள். பனிநிலை 29.2 டிகிரி, 25 மி.மீ. காப்பின் மேற்பரப்போ 28.9 டிகிரியில் நிற்கிறது. ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு குறைவதற்கே ஃபால்ஸ் சீலிங்கில் கறை விழும். 28 மி.மீ. இருந்தால் தப்பியிருக்கும். ஈரப்பதம் 90 சதவீதமானால் 42 மி.மீ. தேவைப்படும், 95 சதவீதமானால் ஏறத்தாழ 80 மி.மீ. தேவைப்படும். ஈரப்பதம் 80-லிருந்து 85-க்கு ஏறும்போது 8 மி.மீ. கேட்ட குழாய், 90-லிருந்து 95-க்கு ஏறும்போது 38 மி.மீ. கேட்கிறது. ஆகவே ஒப்பந்ததாரர் வெயிலின் உச்சத்தைப் பார்த்ததுதான் தவறு. பார்க்க வேண்டியது ஈரத்தின் உச்சம், அது பெரும்பாலும் மழைக்கால விடியற்காலையில் வரும். 25 டிகிரியும் 95 சதவீதமும் உள்ள அந்த நேரத்தில், இதமான குளிரிலும் இதே குழாய்க்கு 60 மி.மீ. வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லா இடத்திலும் 80 மி.மீ. சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 50-லிருந்து 75-க்குப் போனால் மீட்டருக்கு ஆண்டுக்கு ஐந்து யூனிட் கூட மிச்சமாகாது. செலவாகும் ரப்பரோ மேலும் 19 லிட்டர். குளிரூட்டிய அறைகளின் வழியே செல்லும் பகுதிக்கு 25 மி.மீ. தாராளமாகப் போதும். காற்றோட்டமில்லாத கூரையிடைவெளிக்கு ஆலோசகரின் 50 மி.மீ. சரி, 90 சதவீதம் வரை அது தாங்கும். வெளிக்காற்று நேரடியாகப் புகும் ஷாஃப்ட்டுகளில் தடிமனை ஏற்றிக்கொண்டே போவதைவிட, காற்று புகும் துளைகளை அடைத்து ஈரத்தைக் குறைப்பது மலிவு.

மேற்சொன்ன கணக்கெல்லாம் வெளியே தெரியும் கறுப்பு ரப்பருக்கும், காற்று தடையின்றிச் சூழும் குழாய்க்கும் பொருந்தும். அதன்மேல் பளபளக்கும் அலுமினியத் தகடு போர்த்தினால், அந்தத் தகடு சுற்றுப்புறத்தின் கதிர்வீச்சு வெப்பத்தைக் குறைவாகவே வாங்குவதால் மேற்பரப்பு இன்னும் குளிர்ந்துவிடும். 85 சதவீதத்தில் 28 மி.மீ. போதுமாயிருந்த இடத்தில் அப்போது 45 மி.மீ. தேவைப்படும், 90 சதவீதத்தில் உங்கள் 50 மி.மீ. காப்பே வியர்க்கும். அழகுக்காகத் தகடு கேட்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழாய்களை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினாலும் இதே விளைவுதான். காப்பு சுற்றிய பிறகும் கை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்.

குழாய் ஓடத் தொடங்கிய பின் ஈரம் தெரிந்தால், எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள். நீளம் முழுக்க மெல்லிய படலமாக வியர்த்தால் தடிமன் போதவில்லை என்று பொருள். தாங்கிகளிலும் வால்வுகளிலும் ஒட்டுகளிலும் மட்டும் சொட்டினால் தடிமனை ஏற்றிப் பயனில்லை. அங்கே உலோகக் கவ்வி குழாயை நேரடியாகப் பிடித்திருக்கும், அல்லது ஒட்டு வாய் பிளந்திருக்கும். பிளந்த ஒட்டை உடனே அடைக்க வேண்டும்: உள்ளே புகும் நீராவி குழாயின்மேல் நீராகித் தங்கும், நீரோ ரப்பரைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அப்படி நனைந்த காப்பு வெளியில் உலர்ந்து தெரிந்தாலும், அழுத்திப் பார்த்தால் கனத்து ஊறியிருப்பது கையில் தெரியும். அந்தத் துண்டை வெட்டியெடுத்து, குழாயைத் துடைத்து உலர்த்திய பிறகே புதிதாகச் சுற்ற வேண்டும். நனைந்ததன் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது நீரை உள்ளே பூட்டி வைப்பதாகும்.