லயத்து போனில் பாடம் தெளிவாக ஓட, எந்த அளவில் எக்ஸ்போர்ட் செய்வது?

*"மூணாறு பக்கத்தில் எஸ்டேட் பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பாடம் எடுக்கிறேன். கரும்பலகையில் எழுதிக் காட்டி, போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் வெட்டி அனுப்புகிறேன். 12 நிமிடப் பாடம் 1.4 ஜிபி வருகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் எழுத்து கலங்குகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால் லயத்தில் இறங்கவே மாட்டேன் என்கிறது. ரெசல்யூஷன், கோடெக், பிட்ரேட் மூன்றையும் எப்படி வைக்கட்டும்?"*

டீச்சர், முதலில் பிட்ரேட்டை முடிவு செய்யுங்கள். ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு டேட்டா செலவாகலாம் என்பதுதான் பிட்ரேட். அதைத் தீர்மானிப்பது உங்கள் கேமரா இல்லை, லயத்தில் கிடைக்கும் சிக்னல்தான். 10 எம்பி ஃபைல் ஒன்றை குரூப்பில் போட்டு, சிக்னல் மோசமாக உள்ள வீட்டுப் பிள்ளையிடம் சாயங்காலம் இறக்கச் சொல்லி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 100 நொடி ஆனால், வேகம் நொடிக்கு 800 கிலோபிட். அதில் எழுபது சதவீதத்தை மட்டும் நம்பலாம், ஏனென்றால் மழை பிடித்தால் அதுவும் இறங்கும். அப்படியானால் படத்துக்கு 500, குரலுக்கு 64 வைக்கலாம்.

இப்போது ஃபைல் எவ்வளவு வரும்? 564-ஐ 720 நொடியால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் சுமார் 51 எம்பி. அதே 800 கிலோபிட் வேகத்தில் எட்டரை நிமிடத்தில் இறங்கிவிடும். நீங்கள் இப்போது அனுப்பும் 1.4 ஜிபி இறங்க நான்கு மணி நேரம் ஆகும்.

அடுத்தது ரெசல்யூஷன். 500 கிலோபிட்டை வைத்துக்கொண்டு 1080-இல் எக்ஸ்போர்ட் செய்தால், இருக்கிற கொஞ்ச டேட்டாவை இருபது லட்சம் புள்ளிகளுக்குப் பங்கு போட வேண்டும். உங்கள் கை பலகையைக் கடக்கும்போது பார்த்தால் தெரியும்: x-க்கு மேல் போட்ட சிறிய 2 கட்டம் கட்டமாகக் கரைந்து, கை விலகி ஒரு நொடி கழித்துத்தான் திரும்ப வரும். பின்னத்தின் நடுக்கோடும் அப்படியே. 480-இல் புள்ளிகள் நான்கு லட்சம்தான், அதனால் அதே டேட்டா தாராளமாகப் போதும். ஆறு அங்குலத் திரையில் இந்த இரண்டில் 480 தான் தெளிவாக இருக்கும். அதிலும் எழுத்து சிறிதாகத் தெரிந்தால் 720-க்குத் தாவாதீர்கள். கேமராவைக் கிட்டே வைத்து, பலகையில் பாதியை மட்டும் பிடியுங்கள்.

படம் பிடிக்கும் விதமும் டேட்டாவைத் தின்னும். போனைக் கையில் பிடித்தால் பலகை முழுவதும் ஆடும், ஒவ்வொரு ஃப்ரேமையும் புதிதாக எழுத வேண்டிவரும். ஸ்டாண்டில் வைத்தால் உங்கள் கை நகரும் இடத்துக்கு மட்டும் டேட்டா போகும். இருட்டு அறையில் எடுத்தால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி துடிக்கும், அதுவும் வீண் செலவுதான். ஜன்னல் வெளிச்சம் பலகையில் விழட்டும். நொடிக்கு 30 ஃப்ரேமும் வேண்டாம். எழுதிக் காட்டும் பாடத்துக்கு 15 போதும்.

கோடெக்குக்கு H.264-ஐயே எடுங்கள். H.265 அதே தெளிவை இன்னும் சிறிய ஃபைலில் தரும், உண்மைதான். ஆனால் வீட்டில் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போனில் அது திக்கித் திக்கி ஓடும், சிலவற்றில் குரல் மட்டும் வந்து திரை கறுப்பாகவே நிற்கும். நானும் ஒருமுறை அளவைக் குறைக்க ஆசைப்பட்டு H.265-இல் அனுப்பி, பாதிப் பேர் "படம் வரலை" என்றதும் எல்லாவற்றையும் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தேன். AV1 இன்னும் புதிது, அதை வன்பொருளிலேயே ஓட்டும் வசதி புதிய போன்களில்தான் உண்டு.

கம்ப்யூட்டரில் ffmpeg இருந்தால் இந்த ஒரு கட்டளை போதும்:

```
ffmpeg -i paadam.mp4 -vf "scale=-2:480,fps=15" \
 -c:v libx264 -preset slow -crf 25 \
 -maxrate 500k -bufsize 1000k -pix_fmt yuv420p \
 -c:a aac -ac 1 -b:a 64k -movflags +faststart siriya.mp4
```

crf 25 தெளிவைப் பார்த்துக்கொள்ளும், maxrate 500-க்கு மேல் போகாமல் பிடித்துக்கொள்ளும். அசைவு குறைந்த பாடமானால் 51 எம்பிக்கும் கீழேயே வரும். faststart, லிங்க்கில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு முழுதும் இறங்கும் முன்பே படம் தொடங்குவதற்காக.

அப்புறம், இந்த ஃபைலை டாக்குமெண்டாகத்தான் அனுப்ப வேண்டும். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் கணக்கில் இன்னொரு முறை சுருக்கும், அங்கேதான் உங்கள் எழுத்து கலங்கியது. யூடியூபில் ஏற்றுவதானால் கதை வேறு: அவர்களே பல அளவில் பிரித்துக்கொள்வார்கள், அதனால் அங்கே 1080 ஒரிஜினலையே கொடுங்கள்.

குரூப்பில் போடுவதற்கு முன், கிடைப்பதில் பழைய போன் ஒன்றில் ஓட்டி, x-க்கு மேல் 2 எழுதும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அது கரைந்திருந்தால் maxrate-ஐ 600 ஆக்குங்கள். தெளிவாக இருந்தால் 400-இலும் ஒருமுறை முயன்று பாருங்கள், பிள்ளைகளின் டேட்டா மிச்சமாகும்.