வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து

கேள்வி: நண்பன் பழைய சரக்கு வேன் வாங்க வங்கிக் கடன் கேட்டிருக்கிறான், என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறான். அவனிடம் வசூலிக்க முடியாமல் போனால்தானே என்னிடம் வருவார்கள்?

இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. நண்பன் மீதான நடவடிக்கைகளை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமும் 1968இலேயே சொல்லிவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சம்பளத்தைப் பற்றுகை செய்தால், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக எஞ்சியதைப் பிடிக்கலாம். 40,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 13,000 ரூபாய் வரை போகும்.

நானும் இதே போன்ற வண்டிக் கடனுக்குத்தான் ஜாமீன் நின்றேன். நட்பை மதிக்காதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தெரிந்தேதான் கையெழுத்திட்டேன், அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. நண்பருக்கு வாடகை ஓட்டம் குறைந்து மூன்று தவணைகள் நின்றதும், வங்கியின் அறிவிப்பு இருவர் பெயருக்கும் ஒரே நாளில் வந்தது. அதற்குள் அந்தக் கடன் வாராக்கடனாக என் சிபில் அறிக்கையிலும் ஏறியிருந்தது. பாக்கி 2,10,000 ரூபாயை நானே கட்ட முடிவு செய்தேன்.

பலர் கவனிக்கத் தவறுவது இந்தக் கட்டத்தைத்தான். ஜாமீன்தாரர் முழுக் கடனையும் தீர்த்தால், 140, 141ஆம் பிரிவுகளின்படி வங்கி வைத்திருந்த ஈட்டுரிமை, அதாவது கடனுக்கு ஈடாக வண்டியின் மேல் உள்ள உரிமை, அவருக்கு வந்து சேரும். ஆனால் கடன் முடிந்ததும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வங்கியின் பெயரை நீக்குவதற்கான 35ஆம் எண் படிவத்தையும் தடையில்லாச் சான்றையும் வங்கி வழக்கம்போல் வண்டி உரிமையாளரிடம் கொடுத்துவிடும். அவை கைக்கு வந்தபின் அவர் வண்டியை விற்றுவிட்டால் நீங்கள் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே, ஜாமீன்தாரர் என்ற முறையில் நான் கட்டுகிறேன், ஈட்டுரிமையை எனக்கு மாற்றித் தர வேண்டும், அதுவரை சான்றை உரிமையாளரிடம் தரக் கூடாது என்று எழுதிக் கொடுத்து, நகலில் வங்கி முத்திரை பெற்றேன். ரசீதிலும் என் பெயரை எழுதச் செய்தேன். கிளை மேலாளர் முதலில் மறுத்தார். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதிய பிறகே ஒத்துக்கொண்டார். இறுதியில் நண்பரும் நானும் சேர்ந்து வண்டியை விற்றதில் 1,60,000 ரூபாய் எனக்கு வந்தது.

மீதியை 145ஆம் பிரிவின் கீழ் நண்பரிடமே கேட்கலாம். அதற்கு வழக்குப் போட நாம் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. எனக்கு வழக்குத் தேவைப்படவில்லை, அவர் தவணை முறையில் தந்து முடித்தார்.

நான் வழக்கறிஞர் அல்லன். வங்கிகளின் ஜாமீன் பத்திரங்களில் இந்த உரிமைகளில் சிலவற்றை விட்டுக்கொடுப்பதாக வாசகங்கள் இருப்பதுண்டு என்பதால், கையெழுத்திடும் முன் நகலைக் கேட்டு வாங்கி, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.