வேம்பின் கொப்பு லைனில் முட்டினால்

"உப்புவெளியில் எங்கள் வளவு வேம்பு வளர்ந்து ரோட்டு லைனில் முட்டுகிறது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஆள் வைத்து வெட்டலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?"

தயவுசெய்து வேண்டாம். மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் போகும் கரண்டைத்தான் நிறுத்தும், ரோட்டு லைனில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம். அது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும், ஆனால் வீட்டு வயரிங்கில் கசிந்தால் மட்டும். வெளியே ட்ரான்ஸ்போமரில் இருக்கும் பியூஸ் எரிய எத்தனையோ அம்பியர் வேண்டும். பச்சைக் கொப்பு வழியாக மனிதனுக்குள் பாய்வது அதற்கு ஒன்றுமேயில்லை, ஆளைக் கொல்லவோ அது தாராளமாகப் போதும். அதனால்தான் கொப்பு மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தும் கரண்ட் போகாமல் இருக்கிறது, போகவில்லை என்பதாலேயே ஆபத்தில்லை என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள்.

எந்த லைன் என்று கீழே நின்றே பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக நாலைந்து வெறுங்கம்பி என்றால் 230, 400 வோல்ட். கறுப்பாக முறுக்கிய கேபிளுக்கு உறை உண்டு, ஆனால் கொப்பு உரசி உரசி அதுவும் தேயும். கம்பத்தின் உச்சியில் குறுக்குச் சட்டத்தில் பெரிய பீங்கான்களோடு மூன்று கம்பி போனால் அது 11,000 அல்லது 33,000 வோல்ட்; அதில் தொடவே தேவையில்லை, கிட்டப் போனாலே பாய்ந்துவிடும்.

முட்டும் இடத்தில் இலை நுனி கருகியிருந்தாலோ, மழையில் இரைச்சல் கேட்டாலோ, இரவில் பொறி தெரிந்தாலோ காத்திருக்காமல் உடனே மின்சார சபைக்கு 1987க்கு எடுங்கள். இவை ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் பகுதி நுகர்வோர் சேவை நிலையத்தில் சொன்னாலும் சரி. பில்லில் உள்ள கணக்கு இலக்கம், பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கம், எந்தக் கம்பியில் முட்டுகிறது, பொறி வருகிறதா, இவ்வளவையும் சொல்லுங்கள், தூரத்தில் நின்று எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள். அவர்கள் லைனை நிறுத்தி, கரண்ட் இல்லையென்று சோதித்து, எர்த் பண்ணிவிட்டுத்தான் வெட்டுவார்கள். வாடைக்காற்றும் மழையும் வருவதற்கு முன்பே, ஐப்பசிக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

அவர்கள் வரும்வரை மரத்தைத் தொடவோ, அதில் கொடி கட்டவோ, ஆடு மாடு கட்டவோ கூடாது, முக்கியமாக மழையில். அலுமினிய ஏணி, கொக்கத்தடி இரண்டையும் அந்தப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், நனைந்த மூங்கிலும் கரண்டைக் கடத்தும். கம்பி அறுந்து விழுந்தால் நிலத்திலும் கரண்ட் பரவும், 10 மீற்றருக்கு அப்பால் நில்லுங்கள். யாருக்காவது அடித்துவிட்டால் லைன் நிறுத்தப்படும்வரை அவரைத் தொடாதீர்கள், 1987க்கும் அம்புலன்சுக்கு 1990க்கும் எடுங்கள்.

வெட்ட வரும்போது இதையும் கேளுங்கள்: நுனியை மட்டும் நறுக்காமல், லைன் பக்கம் போகும் கொப்பை அது பிரியும் இடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். நறுக்கிய நுனியில் வேம்பு கொத்தாகத் துளிர்த்து, சீக்கிரமே திரும்பவும் கம்பியைத் தொட்டுவிடும்.