டொமைனை அழிப்பதா, காலாவதியாக விடுவதா?

வணக்கம் சார். நானும் தம்பியும் நடத்திவந்த அச்சகத்தை மூடிவிட்டோம். அதன் பெயரில் ஒரு .com டொமைனும் அதில் மூன்று மெயில் முகவரிகளும் இருக்கின்றன. நவம்பர் 12 வரை பணம் கட்டியாயிற்று. டொமைனை வாங்கிய ரெஜிஸ்ட்ரார் தளத்தில் அதை டெலிட் செய்ய ஒரு பொத்தான் உள்ளது. அதை அழுத்திவிடுவது பாதுகாப்பா, ஆட்டோ ரினியூவலை நிறுத்தினால் போதுமா?

சி.ஆர்., சிவகாசி

அன்புள்ள சி.ஆர்.,

டெலிட் பொத்தானை இப்போதைக்குத் தொடாதீர்கள். அழுத்தினால் மிச்ச மாதங்களுக்கான பணம் திரும்பி வராது, பெயரும் ஒழியாது. டெலிட் ஆன .com பெயர் 30 நாள் redemptionPeriod என்ற நிலையில் நிற்கும். அதற்குள் மனம் மாறினால் மீட்கலாம், ஆனால் புதுப்பிக்கும் தொகையைவிடப் பல மடங்கு கேட்பார்கள். பிறகு 5 நாள் pendingDelete. அந்த ஐந்து நாளில் நீங்கள் உட்பட யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அது முடிந்ததும் பெயர் சந்தைக்கு வந்துவிடும், முந்துகிறவருக்கு உடைமை.

காலாவதியாக விட்டாலும் கடைசியில் இதே இடத்துக்குத்தான் வரும், சுற்று மட்டும் நீளம். நவம்பர் 12 தாண்டியபின் அதிகபட்சம் 45 நாள் ரெஜிஸ்ட்ரார் பெயரைக் கையில் வைத்திருக்கலாம். அதாவது டிசம்பர் 27 வரை. அதற்குமேல் அந்த 30 நாளும் 5 நாளும் சேர்ந்தால் ஜனவரி 31. ஆனால் நிறைய ரெஜிஸ்ட்ரார்கள் அவ்வளவு தூரம் போகவே விடுவதில்லை. இடையிலேயே ஏலம் போட்டு, எடுத்தவர் பெயருக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இங்கே பலர் பதறும் ஒரு விஷயம் உண்டு. காலாவதியான மறுநாள், டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூஈஸில் பார்த்தால், முடிவுத் தேதி அடுத்த ஆண்டு என்று காட்டும், autoRenewPeriod என்றும் இருக்கும். உங்கள் கார்டிலிருந்து பணம் போய்விட்டது என்று பொருள் இல்லை. .com பதிவேட்டை நடத்தும் வெரிசைன் தன் பக்கத்தில் தானாகவே ஓராண்டு நீட்டிவிடுகிறது. 45 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் பெயரை டெலிட் செய்தால், நீட்டியதற்காக ரெஜிஸ்ட்ராரிடம் பிடித்த தொகை அவருக்கே திரும்பிவிடும். பணம் போனதா இல்லையா என்பதை ரெஜிஸ்ட்ரார் கணக்கின் பில்லிங் பக்கத்தில் மட்டும் பாருங்கள்.

ஆக, எந்த வழியில் போனாலும் பெயர் இன்னொருவர் கைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டுதான் மெயில்களைப் பற்றி யோசிக்க வேண்டும். மெயில் பெட்டியை அழித்தாலும் முகவரி சாகாது. புதிதாக வாங்குகிறவர் டிஎன்எஸ்ஸில், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, எந்த முகவரிக்கு வந்தாலும் பிடித்துக்கொள்ளும் கேட்ச்-ஆல் வைத்தால் போதும். அந்த டொமைனுக்கு வரும் எல்லா மெயிலும் அவரிடம் விழும். பழைய மெயில்கள் அவருக்குக் கிடைக்காது. ஆனால் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று கேட்டு, வரும் இணைப்பைச் சொடுக்க அவருக்குப் பழைய மெயில்கள் எதற்கு?

2022 மே மாதம் இதேதான் நடந்தது. பைத்தான் நிரல்கள் கிடைக்கும் PyPI தளத்தில் ctx என்று ஒரு பழைய தொகுப்பு. அதைப் பராமரித்தவரின் மெயில் டொமைன் காலாவதியாகியிருந்தது. மே 14 அன்று வேறொருவர் அதை வாங்கி, பாஸ்வேர்டை ரீசெட் செய்து, கணினியிலுள்ள ரகசியச் சாவிகளைத் திருடும் பதிப்பை ஏற்றிவிட்டார். தளத்தை யாரும் உடைக்கவில்லை, கேட்டவருக்கு மெயில் போனது, அவ்வளவே. 2025இல்தான் PyPI காலாவதி டொமைன்களைத் தேடிப்பிடித்து அந்த முகவரிகளின் சரிபார்ப்பை நீக்கத் தொடங்கியது. உங்கள் வங்கியோ காகித வியாபாரியோ அப்படிப் பார்ப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

அதனால் நவம்பர் வரை உள்ள காலத்தை மெயிலுக்குச் செலவிடுங்கள். முதலில் கேட்ச்-ஆலை நீங்களே போட்டு, எல்லாவற்றையும் உங்கள் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுங்கள். மூன்று பெட்டிகளிலும் password, verify, OTP, invoice என்று தேடினால் எங்கெல்லாம் கணக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். வங்கி, ஜிஎஸ்டி, வருமான வரி என்று வரிசையாக முகவரியை மாற்றுங்கள், வேண்டாத கணக்கை மூடுங்கள். பழைய ஊழியர்களுக்குக் கொடுத்த முகவரி ஏதாவது இருந்தால் அதையும் கேட்ச்-ஆல் காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மெயில் அனுப்பும் இடங்கள் உண்டு. அதனால் என் யோசனை, ஓராண்டு கூடுதலாகப் புதுப்பித்து வையுங்கள். இணையதளம் வேண்டாம், டொமைனும் மெயில் திருப்பலும் மட்டும்.

ஆட்டோ ரினியூவலை அதற்கப்புறம் நிறுத்துங்கள். நிறுத்துவது டெலிட் இல்லை, கட்டிய காலம் முழுக்க எல்லாம் ஓடும். ஆனால் முடிவுத் தேதி வரை காத்திருக்காதீர்கள், சில ரெஜிஸ்ட்ரார்கள் முன்கூட்டியே கார்டில் எடுத்துவிடுவார்கள். மெயில் ஹோஸ்டிங்குக்குத் தனிச் சந்தா இருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும், டொமைன் போனாலும் அது வசூலித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கே எந்த மெயில் கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். அதே டொமைன் முகவரியாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதி. காலாவதியான 5 நாளுக்குள் இன்னொன்றும் வரும். அந்த நேரத்தில் டொமைனோடு மெயிலும் நின்றிருக்கலாம்.