பில் வராத செலவை எங்கே தேடுவது? கஞ்சிக்கோடு, வாளையார் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஆர்ட்டிகிள் மாணவி, கொழிஞ்சாம்பாறை: அக்கா, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி மில்லுக்கு ஆடிட் போயிருக்கோம். இன்னும் பில் வராத செலவுக்கு மார்ச் 31-ல் அக்கவுன்டன்ட் போட்ட புரொவிஷன் பட்டியலை ஒவ்வொரு வரியா ஏப்ரலில் வந்த பில்லோட ஒத்துப் பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. இதோட முடிஞ்சதா?

இன்னும் பாதி வேலை இருக்கிறதும்மா. பட்டியலில் இருப்பதைச் சோதித்தால், போட்ட தொகை கூடுதலா என்பது மட்டும்தான் தெரியும். விட்டுப்போன செலவு அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் கணக்கு எழுதுகிறவர் கை படாத ஓர் ஆவணத்திலிருந்து புறப்பட்டுப் புத்தகத்துக்கு வர வேண்டும்.

உங்கள் மில்லில் முதலில் லாரி வாடகையைப் பாருங்கள். லோடு இறங்கி, கையெழுத்தான ரசீது திரும்பி வந்த பிறகுதான் லாரிக்காரர் பில் கொடுப்பார். மார்ச் கடைசியில் போன லோடுக்கு ஏப்ரல் நடுவில், சில சமயம் மே மாதத்தில்கூட பில் வரும். ஆனால் சரக்கு வெளியே போன தேதி கேட் ரெஜிஸ்டரில் அன்றைக்கே விழுந்துவிடும். ஈ-வே பில்லிலும் இருக்கும்.

மார்ச் 16 முதல் 31 வரை கேட் ரெஜிஸ்டரில் 46 லாரி வெளியே போயிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் எல்ஆர் எண்ணையும், அதாவது லாரிக்காரர் தரும் சரக்கு ரசீதின் எண்ணையும் எடுத்து, மார்ச் வரை பதிவான வாடகை பில்களில் தேடுங்கள். 29 கிடைக்கிறது, 17 கிடைக்கவில்லை. அந்த 17-ல் கோயம்புத்தூர் 6, சேலம் 7, சென்னை 4. பேசிய வாடகை முறையே 7,000, 16,000, 36,000 ரூபாய் என்றால் 42,000, 1,12,000, 1,44,000. மொத்தம் 2,98,000.

16-ஆம் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். விட்டுப்போனவை குறைந்துகொண்டே போய் இல்லாமலாகும் வரை தேதியைப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள். மார்ச் முதல் பாதியில் இன்னும் 5 சேலம் லோடு பில் இல்லாமல் நின்றால் அது 80,000. ஆக 3,78,000 தேவை. புத்தகத்தில் ‘உத்தேச வாடகை’ என்று 2,00,000 மட்டும் இருந்தால் 1,78,000 குறைவு. முழு லட்சமாக வந்து நிற்கும் புரொவிஷனை நான் எப்போதும் இப்படிப் பிரித்துத்தான் பார்ப்பேன். லாரி லாரியாகக் கணக்குப் போட்ட தொகை அப்படி வழுவழுப்பாக அமைவது அபூர்வம்.

அதே மாணவி: ஏப்ரல், மே பேங்க் ஸ்டேட்மென்டில் போன பணத்தைப் பார்த்தாலே இது தெரிஞ்சிடாதா அக்கா?

பெரும்பாலும் தெரியும், கட்டாயம் பார்க்கவும் வேண்டும். ஆடிட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் நாள் வரை, ஒரு தொகைக்கு மேல் போன ஒவ்வொரு பணத்துக்கும் பில்லை எடுங்கள். பில் தேதியை விட்டுவிட்டு, வேலை நடந்த தேதியைப் பாருங்கள். ஏப்ரல் 20 தேதியிட்ட பில்லில் ‘மார்ச் மாத செக்யூரிட்டி சேவை’ என்று இருக்கும். இன்னும் பணம் கொடுக்காத பில் பேங்கில் வராது. அதற்காகப் பர்ச்சேஸ் மேசையில் பதிவுக்குக் காத்திருக்கும் பில் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். அதிலும் வராதது கேட் ரெஜிஸ்டரில் சிக்கும்.

அக்கவுன்டன்ட், கஞ்சிக்கோடு: மேடம், மாதச் செலவுக்கு இவ்வளவு அலைச்சல் எதுக்கு? கரண்ட் பில் லெட்ஜரில் 12 என்ட்ரி இருந்தா 12 மாசம் வந்துடுச்சுன்னு அர்த்தம். எங்க லெட்ஜரில் 12 இருக்கு.

என்ட்ரியை எண்ணுவது நல்ல தொடக்கம் சார். 11 இருந்தால் உடனே பிடிபடும். ஆனால் 12 இருந்தும் ஒரு மாதம் விடுபடலாம். உங்கள் லெட்ஜரின் முதல் என்ட்ரி எந்த மாத மின்சாரத்துக்கு என்று பில்லில் பாருங்கள். மார்ச் ரீடிங்குக்கான பில் ஏப்ரலில்தான் கைக்கு வரும். போன வருட மார்ச் பில்லை இந்த வருட ஏப்ரலில் எழுதி, இந்த வருட மார்ச்சை எழுதாமல் விட்டிருந்தால் எண்ணிக்கை 12 என்றே நிற்கும்.

போன மார்ச் 11,40,000, இந்த மார்ச் 13,10,000 என்று வையுங்கள். லாபத்தில் 1,70,000 மட்டும் பிசகுவதால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் 13,10,000 கடன் முழுசாகவே இல்லை. இதை இப்போது சரிசெய்தால் இந்த வருடச் செலவில் 13 பில் விழும். அதனால் பழைய 11,40,000-ஐ முந்தைய காலப் பிழையாகத் தனியே காட்ட வேண்டும்.

லாரி உரிமையாளர், வாளையார்: அம்மா, எனக்கு 4 வண்டி. ஏப்ரலில்தான் பில் கொடுத்தேன், கம்பெனி மார்ச்சிலேயே என் பேரில் எழுதி வச்சிருக்காம். பில் இல்லாம எழுதினா எனக்கு டிடிஎஸ் பிடிப்பாங்களா? பணம் எப்ப வரும்?

மேலே பேசியது கம்பெனி தன் கணக்கில் செலவைக் காட்டுவதைப் பற்றி அண்ணா. உங்கள் பணம் எப்போது வரும் என்பது நீங்கள் பேசிய தவணையைப் பொறுத்தது. டிடிஎஸ் கேள்வி நியாயமானது. யாருக்குத் தர வேண்டும் என்று தெரிந்து பேர் போட்டு எழுதினாலே பிடித்தம் செய்யும் கடமை வந்துவிடும், பில் வரும் வரை காத்திருக்க முடியாது. ஆனால் 10 லாரிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு அதை எழுதிக் கொடுத்தால் லாரி வாடகையில் பிடித்தம் இல்லை. அந்தக் கடிதம் அவர்கள் ஃபைலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஜவுளிக் கணக்கர், நகரி: எங்க ஆடிட்டர் ஜிஎஸ்டிஆர் 2பி-யை மட்டும் டவுன்லோட் பண்ணிப் பார்த்துட்டு முடிச்சிட்டார். அது போதுமா மேடம்?

நல்ல ஆவணம், ஏனென்றால் அதில் எழுதுகிறவர் சப்ளையர். மார்ச் தேதியிட்ட பில்லை அவர் தாமதமாக ரிட்டர்னில் காட்டினால் ஏப்ரல், மே 2பி-யில் வரும். புத்தகத்தில் அது இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். ஆனால் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, அது வராது. பதிவு செய்யாத லாரிக்காரர், தறி வேலைக்காரர், கூலி யாரும் வரமாட்டார்கள். நகரியில் விசைத்தறிக் கூலிதான் பெரிய செலவு என்றால், நெய்த துணி உள்ளே வந்த ரெஜிஸ்டரிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம்.

ஆர்ட்டிகிள் மாணவர், சித்தூர் (பாலக்காடு): முன்கூட்டியே கட்டின ப்ரீபெய்டு செலவுக்கும் இதே மாதிரி வெளியிலிருந்து வரணுமா அக்கா?

அங்கே பயம் எதிர்ப்பக்கம் தம்பி, இல்லாததைச் சொத்தாகக் காட்டிவிடுவார்களோ என்பதுதான். அதனால் பட்டியலிலிருந்தே போகலாம். டிசம்பர் 1-ல் தொடங்கும் ஒரு வருட இன்சூரன்ஸ் 3,60,000 என்றால் 8 மாதம், 2,40,000 மீதி. பணம் கொடுத்த தேதியை வைத்துப் பிரிக்காமல் பாலிசியில் உள்ள தேதியை வைத்துப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அக்கவுன்டன்ட், கஞ்சிக்கோடு: இன்னொன்னு மேடம். லோடிங் கான்ட்ராக்டர் ஜனவரியிலிருந்து 18 சதவீதம் ஏத்திக் கேட்கிறார். முதலாளி பிப்ரவரியில் 10 தர்றேன்னு வாயாலே சொன்னார். கையெழுத்து ஆகலை. மாதம் 4,00,000 பில். புரொவிஷன் வேணுமா?

என் பார்வையில் வேண்டும். 10 சதவீதத்துக்கு 3 மாதம், 1,20,000. பிப்ரவரியில் கொடுத்த வாக்கால் மார்ச் 31-க்கு முன்பே கடன் உண்டாகிவிட்டது. மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானால் தொகைக்கு அதுவே சான்று. மிச்ச 8 சதவீதத்தை இப்போதைக்குக் கணக்கோடு சேரும் குறிப்பில் காட்டினால் போதும்.

மூத்த ஆடிட்டர், பாலக்காடு: இதில் எனக்கு உடன்பாடில்லை. வாய்ப்பேச்சுக்கு முதலாளியும் கான்ட்ராக்டரும் ஒரே தொகையைச் சொல்வார்களா? சொல்லாவிட்டால் மார்ச்சில் இருந்தது பேச்சுவார்த்தை மட்டுமே. அப்போது 10-க்கும் குறிப்பு போதும்.

சரியான கேள்வி சார். கான்ட்ராக்டரிடமே நேரடியாகக் கடிதம் போட்டுக் கேட்கச் சொல்கிறேன். அவர் 10 என்று ஒப்புக்கொண்டதாக எழுதினால் என் பக்கம், 18-லேயே நின்றால் உங்கள் வாதம் வலுக்கும். அப்போதும் முதலாளி 10-க்குக் கீழே முடியாது என்று நினைத்தால் அந்த அளவுக்காவது போட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.